பெரியப்பாவுக்கு 90 போதும்

கொரோனா வந்து போன பிறகு வடசென்னையில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இல்லாத தெரு கிடையாது. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில்கூட அது இருக்கிறது. அந்தக் கருவியோடு ஒரு கணக்கும் சேர்ந்து வந்துவிட்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் 95 சதவீதத்துக்கு மேலே காட்டினால் நிம்மதி, 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு நிமோனியா வந்தால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் காலமெல்லாம் பீடி பிடித்து, புகையிலும் தூசியிலும் வேலை செய்து, சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றி, உடம்பில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் நிலைக்கு வந்துவிட்டவருக்கு அதே கணக்கைப் போட்டால் ஆளையே சாய்த்துவிடும். அவருக்கான இலக்கு 88-லிருந்து 92 வரை. அதற்குக் கீழே போனாலும் தப்பு, மேலே போனாலும் தப்பு.

நான் நெஞ்சுநோய் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். இதை மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், நோயாளிகளின் வீட்டாரிடமும் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் இங்கே எழுதப்போவது எங்கள் பெரியப்பாவைப் பற்றி. ஒரு ராத்திரிக்குள் இந்த விஷயத்தின் எல்லாப் பக்கமும் அவர் உடம்பில் தெரிந்தது.

பெரியப்பா காசிமேட்டில் வெல்டிங் பட்டறையில் இருந்தவர். வீடு தண்டையார்பேட்டையில். நுரையீரல் அடைப்பு இருப்பது முன்பே தெரியும், இன்ஹேலர் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின வருடம் ஒருமுறை அட்மிட் ஆகி வீட்டுக்குப் போகும்போது எடுத்த பிளட் கேஸ், அதாவது தமனி ரத்தத்தில் வாயுக்களை அளக்கும் பரிசோதனை, அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது. ரத்தத்தில் அமிலம் ஏறினால் குறையும் பி.எச். 7.40, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 54, ஆக்சிஜன் அழுத்தம் 58, பைகார்பனேட் 32. கார்பன் டை ஆக்சைடு சாதாரணமாக 35-லிருந்து 45 வரைதான் இருக்க வேண்டும். இவருக்கு நல்லா இருக்கும் நாளிலேயே 54. அவ்வளவு தேங்கியும் ரத்தத்தில் அமிலம் ஏறவில்லையே, ஏன்? சிறுநீரகம் பல மாதங்களாகப் பைகார்பனேட்டைச் சேர்த்து வைத்து அதைச் சமன் செய்துவிட்டது. அந்த 32 என்ற எண்ணைப் பார்த்தாலே எங்கள் வார்டில் டாக்டர் கேஸ் ஷீட்டின் மேலே '88–92' என்று எழுதி வட்டம் போடுவார். பழைய சம்மரியைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் கெஞ்சுவது இதற்காகத்தான்.

போகி அன்று விடிகாலை தெருவில் பழைய பாயும் டயரும் எரிந்தன. டயர் எரிக்கக் கூடாது என்று வருடாவருடம் சொல்கிறார்கள், எரிப்பவர்கள் எரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் பெரியப்பாவுக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது, சளி மஞ்சளாக வந்தது. வீட்டில் பார்த்தபோது 84. பெரியம்மா பையன், என் தம்பிதான், ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனான். கொண்டுபோனது ரொம்பச் சரி. அங்கே கீழே பை தொங்கும் மாஸ்க்கைப் போட்டு ஆக்சிஜனைப் பத்து லிட்டரில் திறந்துவிட்டார்கள். நெபுலைசரையும் அதே ஆக்சிஜனில் ஓட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மானிட்டரில் 99.

ராத்திரி தம்பி போன் செய்தான். குரலில் சந்தோஷம். "அக்கா, 99 காட்டுது. வந்தப்போ பேசவே முடியலை, இப்போ நல்லா தூங்கறாரு."

மூச்சு இழுத்துக்கொண்டு வந்த சிஓபிடி ஆள், ராத்திரி எட்டரை மணிக்கு, மூக்கும் வாயும் மூடிய மாஸ்க்கோடு நன்றாகத் தூங்குகிறார் என்றால் எனக்குத் தூக்கம் போய்விடும். "எழுப்பிப் பேசச் சொல்லு" என்றேன். எழுப்பினான். கண்ணைத் திறந்தார், "போட்டு வந்துடுச்சா?" என்று கேட்டார், மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நான் கிளம்பிவிட்டேன்.

போனதும் நான் பார்த்தது மானிட்டரை அல்ல, கையை. உள்ளங்கை சூடாகவும் ஈரமாகவும் இருந்தது. நாடி விரலைத் தள்ளுகிற மாதிரி துள்ளியது. கண்வெள்ளை சிவந்திருந்தது. தோளைத் தட்டி எழுப்பி, இரண்டு கையையும் நீட்டி, மணிக்கட்டைப் பின்பக்கம் மடக்கிப் பிடிக்கச் சொன்னேன், வண்டியை நிறுத்தச் சொல்லும் போலீஸ்காரர் போல. பிடித்தார். இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை கை தானாகக் கீழே விழுந்து மறுபடி எழுந்தது. ஈரலோ சிறுநீரகமோ பழுதானவர்களுக்கும் இந்தக் கை விழுதல் வரும். ஆனால் சிஓபிடி ஆளுக்கு, ஆக்சிஜன் ஏற்றிய பிறகு, மயக்கத்தோடு சேர்ந்து வந்தால் முதலில் கார்பன் டை ஆக்சைடைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூச்சு எத்தனை என்று எண்ணினேன். நிமிடத்துக்கு 24. இதைக் கவனியுங்கள். ஆக்சிஜன் அதிகமானால் மூச்சு குறைந்து நின்றுபோகும் என்றுதான் நர்சிங் படிக்கும்போது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உடம்பு ஆக்சிஜன் பற்றாக்குறையை வைத்தே மூச்சு விடுகிறது, பற்றாக்குறையைத் தீர்த்துவிட்டால் மூச்சுவிடும் உந்துதல் போய்விடும் என்று ஒரு விளக்கம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி, மூச்சு எண்ணிக்கை குறையட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருந்தால் நேரம் கைமீறிவிடும். பெரியப்பா மாதிரி 24 தடவை இழுத்துக்கொண்டே மயங்குபவர்கள்தான் அதிகம்.

உள்ளே நடப்பது வேறு. கெட்டுப்போன நுரையீரலில் சில பகுதிக்குக் காற்று சரியாகப் போவதில்லை. காற்று வராத பகுதிக்கு ரத்தத்தை அனுப்பி என்ன பயன் என்று உடம்பு அங்கே போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சரக்கு இறக்க ஆள் இல்லாத யார்டுக்கு லாரியை விடாமல், வேலை நடக்கும் யார்டுக்குத் திருப்பிவிடுகிற மாதிரிதான் அது. நாம் ஆக்சிஜனை அள்ளிக் கொட்டியதும் அந்த மோசமான பகுதியிலும் ஆக்சிஜன் ஏறுகிறது. அங்கே சுருங்கியிருந்த குழாய் திறந்துகொள்கிறது. ரத்தம் அந்தப் பக்கம் ஓடுகிறது. ஆக்சிஜன் வந்தாலும் அங்கே காற்று உள்ளே வெளியே போய் வருவதில்லையே, அதனால் அந்த ரத்தம் கொண்டுவந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேற வழியில்லை. அப்படியே உடம்புக்குத் திரும்பிப் போகிறது. இதோடு இன்னொன்று. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கும்போது கார்பன் டை ஆக்சைடைச் சுமக்கும் திறன் குறைந்துவிடும், சுமந்திருந்ததை இறக்கிவிடும். நல்ல நுரையீரல் என்றால் கூடுதலாக நாலு மூச்சு விட்டு அதைத் தள்ளிவிடும். பெரியப்பாவின் நுரையீரல் ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கூடுதலாகத் தர அதனிடம் ஒன்றும் இல்லை.

இது எதுவும் விரலில் மாட்டும் கருவியில் தெரியாது. அது ஆக்சிஜனை மட்டும் அளக்கிறது. கார்பன் டை ஆக்சைடு 50 இருந்தாலும் 100 இருந்தாலும் அது 99 என்று பச்சை வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கும்.

சரி, 90-க்கும் 99-க்கும் நடுவில் அப்படி என்ன லாபம்? ரத்தத்தில் இருக்கும் மொத்த ஆக்சிஜனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. 90 காட்டும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60 வாக்கில் இருக்கும், மூளைக்கும் இதயத்துக்கும் அது போதும். அதற்கு மேலே அந்தப் பத்தில் ஒரு பங்குக்காக நாம் கொடுக்கும் விலை ரொம்ப அதிகம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் இதை ஆம்புலன்சிலேயே சோதித்துப் பார்த்தார்கள், 2010-ல் முடிவு வெளியானது. ஒரு பிரிவுக்கு வழக்கம்போல அதிக ஆக்சிஜன், இன்னொரு பிரிவுக்கு 88–92 வருமளவுக்கு மட்டும். சிஓபிடி உறுதியானவர்களில் முதல் பிரிவில் நூற்றுக்கு ஒன்பது பேர் இறந்தார்கள், இரண்டாவதில் இரண்டு பேர். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் வரைக்கும் கொடுத்த ஆக்சிஜனில்தான் இவ்வளவு வித்தியாசம்.

நர்சிங் ஹோமுக்குத் திரும்பி வருகிறேன். டூட்டி டாக்டர் சின்னப் பையன், பொறுமையானவர். பழைய சம்மரியைக் காட்டினேன். ஒரு நிமிடம் படித்துவிட்டு, "இங்கே பிளட் கேஸ் மெஷின் இல்லை சிஸ்டர், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்" என்றார். நாங்கள் பேசிக்கொண்டது தம்பி காதில் விழுந்துவிட்டது. ஆக்சிஜன்தான் அப்பாவைக் கெடுக்கிறது என்று புரிந்துகொண்டு, பாய்ந்து வந்து மாஸ்க்கைப் பிடித்து இழுத்தான். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். அதிக ஆக்சிஜன் ஆபத்து என்று தெரிந்துகொண்டவர்கள் செய்யும் அடுத்த ஆபத்து இதுதான். உடம்பில் தேங்கிய கார்பன் டை ஆக்சைடு மாஸ்க்கைக் கழற்றியதும் மறைந்துவிடாது. அது இறங்கப் பல மணி நேரம் பிடிக்கும். ஆக்சிஜன் கையிருப்போ ஒன்றிரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோகும். நுரையீரலின் காற்றுப்பையில் இரண்டும் இடத்துக்குப் போட்டி போடுகின்றன. சாதாரணக் காற்றில் அந்தப் பைக்கு வந்து சேரும் ஆக்சிஜன் அழுத்தம் 150. அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடை 0.8-ஆல் வகுத்து வருவதைக் கழிக்க வேண்டும். நல்ல ஆளுக்குக் கார்பன் டை ஆக்சைடு 40, வகுத்தால் 50, கழித்தால் மிச்சம் 100. பெரியப்பாவுக்கு அன்று ராத்திரி 86 இருந்தது என்று அப்புறம் தெரிந்தது. 86-ஐ 0.8-ஆல் வகுத்தால் 107. 150-ல் 107 போனால் மிச்சம் 43. இது காற்றுப்பையில் இருப்பது, ரத்தத்துக்குள் போகும்போது இன்னும் குறையும். அதாவது மாஸ்க்கை அப்படியே கழற்றியிருந்தால், ஆட்டோவில் வந்தபோது இருந்த 84-ஐவிடவும் கீழே, எழுபதுக்கும் அடியில் விழுந்திருப்பார். அந்த வீழ்ச்சி இதயத்தை நிறுத்திவிடக்கூடியது.

அதனால் ஆக்சிஜனை நிறுத்தக் கூடாது, இறக்க வேண்டும். மாஸ்க்கை எடுத்த கையோடு மூக்குக் குழாயை மாட்டி இரண்டு லிட்டர் வைத்தோம். மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 99 மெதுவாக 96, 94 என்று இறங்கி 91-ல் நின்றது. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுதார். "இறங்குதே பாப்பா, இறங்குதே." இறங்கட்டும் பெரியம்மா, இறங்கத்தான் வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த முதல் பிளட் கேஸ்: பி.எச். 7.22, கார்பன் டை ஆக்சைடு 86, ஆக்சிஜன் 62, பைகார்பனேட் 34. ஆக்சிஜன் போதுமான அளவில் இருக்கிறது. பைகார்பனேட் பழைய அளவை ஒட்டியே இருக்கிறது, ஏனென்றால் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்யும், சில மணி நேரத்தில் கூடுதலாகச் சேர்க்க அதனால் முடியாது. கார்பன் டை ஆக்சைடு மட்டும் 54-லிருந்து 86-க்குப் போய், அந்த அதிகப்படியான 32 முழுவதும் அமிலமாக இறங்கியிருக்கிறது. பி.எச். 7.35-க்குக் கீழே, கார்பன் டை ஆக்சைடு 45-க்கு மேலே, மருந்து கொடுத்தும் சரியாகவில்லை என்றால் பைபாப் போட வேண்டும். 7.25-க்கும் கீழே என்றால் அதுவும் பலிக்காமல் மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடவேண்டி வரலாம் என்று தயாராக இருப்பார்கள். வீட்டாரைக் கூப்பிட்டு அதைச் சொல்லியும் விட்டார்கள்.

பைபாப் என்பது முகத்தில் இறுக்கமாகக் கட்டும் மாஸ்க் வழியாக ஒவ்வொரு மூச்சுக்கும் காற்றைத் தள்ளிக் கொடுக்கும் மெஷின். இங்கே வேலை செய்வது அந்தத் தள்ளல். தேங்கிய காற்று வெளியே போகப் போகக் கார்பன் டை ஆக்சைடு இறங்கும். ஆக்சிஜன் அதில் பக்கக் குழாயாக, 88–92-க்கு வேண்டிய அளவு மட்டும். உள்மூச்சுக்கு 12, வெளிமூச்சுக்கு 5 என்று தொடங்கி, அவர் பழகப் பழக உள்மூச்சு அழுத்தத்தை 18 வரை ஏற்றினார்கள். முதல் அரைமணி நேரம் மாஸ்க்கைப் பிடுங்கப் பார்த்தார். மயக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு முட்டுவது போலத்தான் இருக்கும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கையைப் பிடித்து, "மெஷின் தள்ளும்போது இழுங்க, விடும்போது விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பிடித்துக்கொள்வார்கள். அவருக்குத் தூக்க ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள்.

ஒரு மணி நேரம் கழித்து 7.28, 71. இந்த ஒரு மணி நேரத்து ரிப்போர்ட்தான் முக்கியம், அதில் திசை தெரிந்துவிடும். விடிந்தபோது 7.36, 60. காலையில் கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்து, "நீ எப்போ வந்தே?" என்றார். மருந்து பக்கம் புதிதாக ஒன்றும் இல்லை. நெபுலைசர், சில நாள் ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக்.

வார்டில் அவருக்கு வெஞ்சுரி மாஸ்க் போட்டிருந்தார்கள். மூக்குக் குழாயில் நோயாளி வேகமாக இழுத்தால் ஒரு அளவு, மெதுவாக இழுத்தால் ஒரு அளவு என்று மாறிக்கொண்டே இருக்கும். வெஞ்சுரியில் ஒவ்வொரு வண்ண வால்வும் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைத் தரும். எங்கள் வார்டில் இருக்கும் ரகத்தில் நீலம் 24 சதவீதம், வெள்ளை 28. கம்பெனிக்குக் கம்பெனி வண்ணம் மாறலாம், வால்விலேயே அச்சடித்திருக்கும். எத்தனை லிட்டர் வைக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். எண் குறைகிறதே என்று சொந்தக்காரர்கள் லிட்டரைத் திருகி ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். வெஞ்சுரியில் லிட்டரை ஏற்றினால் சதவீதம் ஏறாது. வால்வை மாற்றினால்தான் மாறும். அதை மாற்றுவது வார்டில் இருப்பவர்கள் வேலை.

நெபுலைசரில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். நாள் முழுக்க ஆக்சிஜனைக் கவனமாக 90-ல் வைத்துவிட்டு, நெபுலைசரைச் சுவரிலிருக்கும் ஆக்சிஜனில் எட்டு லிட்டரில் இருபது நிமிடம் ஓட்டுவார்கள். நாலு மணிக்கு ஒரு தடவை இது நடந்தால் பட்ட பாடெல்லாம் வீண். கார்பன் டை ஆக்சைடு தேங்குபவருக்கு நெபுலைசரைக் கம்ப்ரசர் காற்றில் ஓட்ட வேண்டும், ஆக்சிஜன் தேவைப்பட்டால் கூடவே மூக்குக் குழாயில் ஒன்றிரண்டு லிட்டர் போதும். கம்ப்ரசர் இல்லாத இடத்தில் ஆக்சிஜனில்தான் ஓட்டியாக வேண்டும் என்றால் ஆறு நிமிடத்தோடு நிறுத்த வேண்டும். மருந்தில் பெரும்பகுதி அதற்குள் போய்விடும். ஆட்டோவில் ஏறும்போது வீட்டு நெபுலைசர் மெஷினையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது காற்றில்தான் ஓடுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு கதை. உடம்பு நன்றாகத் தேறி, சில வாரம் கழித்து அமைதியான நிலையில் எடுத்த பிளட் கேஸில் ஆக்சிஜன் அழுத்தம் 54 இருந்தது. 55 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வீட்டில் ஆக்சிஜன் தர வேண்டும், அதுவும் நாளுக்குக் குறைந்தது பதினைந்து மணி நேரம். மூச்சு வாங்கும்போது மட்டும் அரைமணி வைத்துக்கொள்வதில் அந்தப் பலன் வராது. கொரோனா நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர் வாங்கிய ஐந்து லிட்டர் கான்சென்ட்ரேட்டர் பரணில் கிடந்தது. அதைச் சர்வீஸ் செய்து, டாக்டர் சொன்னபடி ஒரு லிட்டரில் வைத்தோம். ஒரு லிட்டரில் அவருக்கு 90. அந்த ஒரு லிட்டரிலேயே இன்னொரு பிளட் கேஸ் எடுத்து, கார்பன் டை ஆக்சைடு ஏறவில்லை என்று பார்த்த பிறகுதான் சரி என்றார்கள்.

ஐந்து வரை எண் போட்ட குமிழ் பக்கத்திலேயே இருந்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. பேத்தி டியூஷனிலிருந்து வந்து விரலில் கருவியை மாட்டுவாள். 89 என்று வரும். "தாத்தாவுக்குக் கம்மியா இருக்கு" என்று இரண்டுக்குத் திருகுவாள். பாசம்தான். குமிழின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, பக்கத்துச் சுவரில் பெரிதாக '88–92. திருகாதே' என்று எழுதி வைத்திருக்கிறோம். 88-க்குக் கீழே காட்டினால் முதலில் பார்க்க வேண்டியது குமிழை அல்ல. விரல் ஜில்லென்று இருக்கிறதா, குழாய் கட்டில் காலில் மாட்டியிருக்கிறதா, மூக்கிலிருந்து நழுவியிருக்கிறதா, இப்போதுதான் பாத்ரூமிலிருந்து நடந்து வந்தாரா. உட்கார வைத்து ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் குறைவாகவே இருந்தால் டாக்டருக்குப் போன். வழக்கமான லிட்டரில் வழக்கமான எண் வரவில்லை என்பதே நோய் முற்றுகிறது என்று சொல்கிற செய்தி. லிட்டரை ஏற்றினால் எண் மட்டும் அழகாகிவிடும், செய்தி மறைந்துவிடும்.

எண்ணைவிட ஆளைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் தலைவலி. பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுவது. டம்ளரைப் பிடிக்கும்போது கை வெட்டுவது. சம்பந்தமில்லாத பேச்சு. இதில் எது புதிதாக வந்தாலும், கருவி 95 காட்டினாலும், உடனே ஆஸ்பத்திரி. தூக்க மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கித் தருவதை அடியோடு நிறுத்தியாயிற்று. பீடியையும்தான், ஆக்சிஜன் ஓடும் அறையில் தீக்குச்சி கிழித்தால் முகமே வெந்துபோகும்.

கருவியைப் பற்றி ஒரு விஷயம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டக்கூடும். 2020-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி நல்ல எண் காட்டும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தெரிந்தது. அதனால் 88-ஐ ஒட்டியே வைத்துக்கொள்ளாமல் 90, 91-ல் வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

பெரியப்பாவின் சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கிறது. லேமினேட் செய்தது. 'சிஓபிடி. கார்பன் டை ஆக்சைடு தேங்கும் நோயாளி. ஆக்சிஜன் இலக்கு 88–92. நெபுலைசர் காற்றில்' என்று தமிழில் ஒரு பக்கம், அதையே ஆங்கிலத்தில் மறுபக்கம், கீழே நல்ல நிலையிலும் மோசமான நிலையிலும் எடுத்த பிளட் கேஸ் எண்கள், டாக்டர் கையெழுத்து. ஆம்புலன்சில் வருபவருக்கு நம் வீட்டுக் கதையைக் கேட்க நேரம் இருக்காது, அட்டையை நீட்டினால் ஒரு நொடியில் படித்துவிடுவார். ஆனால் தம்பியிடம் ஒன்றை அழுத்திச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு 70, 75 என்று விழுந்து உடம்பு நீலம் பாய்ந்திருந்தால், அட்டையைக் காட்டி ஆக்சிஜனே வேண்டாம் என்று சண்டை போடாதே. ஆக்சிஜன் இல்லாவிட்டால் சில நிமிடத்தில் உயிர் போகும், கார்பன் டை ஆக்சைடு அதைவிட மெதுவாகத்தான் கொல்லும். இதயம் நின்றுபோனாலோ ரத்த அழுத்தம் சரிந்தாலோ முழு ஆக்சிஜன்தான் கொடுப்பார்கள், கொடுக்க வேண்டும். ஆள் மீண்டதும் இறக்கி 88–92-க்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பதுதான் உன் வேலை.

இந்த அட்டையைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அக்கா ஒருநாள் என்னிடம் வந்தார். அவருக்கு ஆஸ்துமா. "எனக்கும் 90 இருந்தா போதுமா சிஸ்டர்? நான் 93-க்கே பயந்து ஓடறேன்" என்றார். போதாது அக்கா, நீங்கள் ஓடுவதுதான் சரி என்றேன். ஆஸ்துமா இழுப்பில் 94-க்கு மேலே வைக்க வேண்டும், 92-க்குக் கீழே இறங்கினால் அது அபாயமான இழுப்பு. சிஓபிடி இருக்கும் எல்லாருக்கும்கூட கார்பன் டை ஆக்சைடு தேங்குவதில்லை. பிளட் கேஸ் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், எடுக்கும் வரை சந்தேகத்தின் பேரில் 88–92-ல் வைத்திருப்பார்கள். சிஓபிடி தவிர, பழைய டிபியில் நுரையீரல் சுருங்கிப் போனவர்கள், முதுகெலும்பு கோணி மார்புக்கூடு அமுங்கியவர்கள், ரொம்பப் பருமனாக இருந்து தூக்கத்தில் மூச்சு நிற்பவர்கள், தசை பலவீனம் உள்ளவர்கள், இவர்களுக்கும் இது வரலாம். அந்த அக்காவின் மாமியாருக்கு இளவயதில் டிபி வந்து ஒரு பக்க நுரையீரல் சுருங்கிவிட்டதாம், காலையில் தலைவலி என்று தினமும் தைலம் தேய்த்துக்கொள்கிறாராம். "அவங்களைத்தான் முதல்ல நெஞ்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, பிளட் கேஸ் எடுக்கணும்னு கேளுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.